ஆறு கோடு என்றால் +6 இல்லை: படத்தில் வரைந்த குரோமியம் அயனைப் படிப்பது

கேள்வி: "உயர்தரம் இரண்டாம் வருடம், தலவாக்கலைப் பக்கம். டியூட்டில் ஒரு படம். நடுவில் Cr, மேலே ஒரு Cl, கீழே ஒரு Cl, சுற்றி நான்கு OH₂, ஆறுக்கும் கோடு போட்டிருக்கிறது. சதுர அடைப்புக்கு வெளியே +. பெயரையும் Cr இன் ஒட்சியேற்ற எண்ணையும் கேட்கிறார்கள். நான் +6 போட்டேன். நண்பி +2 என்கிறாள். விடையில் +3 இருக்கிறது. எப்படி?"

விடை சரிதான், +3. நீங்களும் நண்பியும் தவறிய இடங்கள் வேறு வேறு. நீங்கள் கோடுகளை எண்ணியிருக்கிறீர்கள். நண்பி கோடுகளில் ஏமாறவில்லை, ஆனால் அடைப்புக்கு வெளியே நிற்கும் அந்தச் சின்ன + ஐ விட்டுவிட்டார். அட்டன் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பகுதியில் நான் திருத்திய பிழையான விடைகளில் பெரும்பங்கு இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதலில் கோடு. காபன் சேர்வைகளில் ஒரு கோடு வரைந்தால், இரண்டு அணுக்களும் ஆளுக்கொரு இலத்திரன் போட்டு ஒரு சோடியைப் பங்கிட்டன என்று எடுத்துக்கொண்டு பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தோடு இந்தப் படத்துக்கு வந்தால், ஆறு கோடு, ஆறு இலத்திரன், ஆகவே +6 என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் சிக்கல் அயனில் கோட்டுக்குப் பொருள் வேறு. சோடியின் இரண்டு இலத்திரனையும் இணையிதான் கொண்டுவருகிறது. நீர் வந்தால் ஒட்சிசனின் தனிச்சோடியோடு வருகிறது, குளோரைட்டு வந்தால் தன் தனிச்சோடிகளில் ஒன்றைக் கொடுக்கிறது. குரோமியம் இடம் மட்டும்தான் தருகிறது. பழைய புத்தகங்களில் இதைக் கோடாக வரையாமல் இணையியிலிருந்து உலோகத்தை நோக்கி அம்பாகப் போட்டிருப்பார்கள். உங்கள் படத்திலும் ஆறு கோட்டையும் அம்பாக மாற்றி வரைந்து பாருங்கள், குழப்பத்தில் பாதி போய்விடும்.

ஒட்சியேற்ற எண் என்பது ஒரு கணக்கு முறை. ஒவ்வொரு இணையியையும் அது கொண்டுவந்த சோடியோடு சேர்த்துக் கழற்றி எடுத்துவிட்டு, நடுவில் மிஞ்சும் உலோகத்தில் எவ்வளவு ஏற்றம் என்று பார்க்கிறோம். OH₂ ஐச் சோடியோடு கழற்றினால் வருவது வெறும் நீர் மூலக்கூறு. அதன் ஏற்றம் 0. அப்படி நான்கு. Cl ஐச் சோடியோடு கழற்றினால் வருவது Cl⁻. அதன் ஏற்றம் −1. அப்படி இரண்டு. முழு அயனின் ஏற்றம் +1 என்று படமே சொல்கிறது. குரோமியத்தை x என்று வைத்தால்:

x + 4(0) + 2(−1) = +1

x = +3

நண்பி வலப்பக்கத்தில் +1 க்குப் பதில் 0 போட்டிருப்பார், அதனால்தான் +2. இன்னொரு வகைப் பிழையும் உண்டு. Cl களை +1 என்று எடுத்தால் x = −1 வரும். உலோகம் மறை எண்ணில் வந்தால் உடனே நின்று குறியைச் சரிபாருங்கள். அப்படியான சேர்வைகள் உலகத்தில் இல்லாமல் இல்லை, ஆனால் நீரும் குளோரைட்டும் சுற்றி நிற்கும் அயனில் அது வராது.

கணக்கு வந்தபிறகு விடையை நிறத்தோடு ஒருமுறை ஒட்டிப்பார்ப்பது நல்லது. இந்த அயன் பச்சை. குரோமியம் +6 என்றால் நாம் அறிந்த மஞ்சள் குரோமேற்றும் செம்மஞ்சள் இருகுரோமேற்றும்தான். அவற்றில் குரோமியத்தைச் சுற்றி ஒட்சிசன்தான் இருக்கும், நீர் மூலக்கூறு இல்லை. +2 என்றால் நீர்க்கரைசல் நீலம், அதுவும் காற்றுப் பட்டால் சீக்கிரம் ஒட்சியேறி +3 ஆகிவிடும். போத்தலில் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும் ஒரு திண்மத்தில் +2 ஐ எதிர்பார்க்க முடியாது.

இனி OH₂ பற்றி. படத்தின் ஒரு பக்கத்தில் H₂O என்றும் மறுபக்கத்தில் OH₂ என்றும் எழுதுவார்கள். இரண்டும் நீர்தான். உலோகத்தோடு ஒட்டுவது ஒட்சிசன் என்று காட்டுவதற்காக O ஐக் கோட்டின் முனைக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள், வேறு இரகசியம் ஒன்றும் இல்லை. ஆனால் போட்டோ கொப்பி எடுத்து எடுத்து மங்கிய டியூட்டில் OH₂ இன் அந்தச் சின்ன 2 காணாமல் போய்விடும். அப்போது அது OH ஆகத் தெரியும், நீங்கள் −1 போடுவீர்கள், கணக்கு முழுதும் சாய்ந்துவிடும். ஒரு முறை என் சொந்த டியூட்டிலேயே இப்படி நடந்தது. வகுப்பில் பாதிப்பேர் +4 என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு OH, மூன்று நீர், இரண்டு Cl, மொத்தம் + என்று வைத்துப் பார்த்தால் அவர்கள் கணக்கில் பிழை இல்லை. பிழை என் கொப்பியில்.

உண்மையாகவே ஒரு நீர் ஒரு புரோத்தனை இழந்து OH ஆகும் சந்தர்ப்பமும் இருக்கிறது, அதையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். [Cr(H₂O)₆]³⁺ ஒரு மென்னமிலம், pKₐ ஏறக்குறைய 4. அது ஒரு H⁺ ஐ விட்டால் [Cr(H₂O)₅(OH)]²⁺ ஆகும். அயனின் ஏற்றம் 3 இலிருந்து 2 க்கு இறங்கிவிட்டது. குரோமியம் இறங்கியதா? கணக்கைப் போடுங்கள்: x + 0 − 1 = +2, ஆகவே x = +3. இணையியின் ஏற்றமும் அயனின் ஏற்றமும் சேர்ந்தே ஒன்று குறைந்தன, உலோகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒட்சியேற்றமோ தாழ்த்தலோ நடக்கவில்லை, நடந்தது அமிலத் தாக்கம். படத்தில் ஒரு H குறைந்தால் பெயர் மாறும், வெளியே உள்ள ஏற்றம் மாறும், ஒட்சியேற்ற எண் மாறாது.

சரி, அந்த + இல்லாமலே படம் தந்தால்? அப்போது படத்தை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. இது பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். நடுவில் Fe, சுற்றி ஆறு CN என்று ஒரு படம் வரையுங்கள். வெளியே 4− எழுதினால் இரும்பு +2. அதே படத்துக்கு வெளியே 3− எழுதினால் இரும்பு +3. K₄[Fe(CN)₆] மஞ்சள், K₃[Fe(CN)₆] சிவப்பு. ஆய்வுகூட அலுமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு போத்தல், கோட்டுப்படம் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே ஏற்றம் அச்சிலிருந்து விழுந்துவிட்டால் வேறு ஒரு தகவல் வேண்டும். அடைப்புக்கு வெளியே எத்தனை எதிரயன் இருக்கிறது என்று சூத்திரம் தந்திருந்தால் போதும். சூத்திரமும் இல்லையென்றால் பரிசோதனைத் தரவு ஒன்று தந்திருக்க வேண்டும்.

உங்கள் அயனுக்கு அந்தப் பரிசோதனை அழகாக அமைந்திருக்கிறது. கடையில் வாங்கும் கரும்பச்சை குரோமியம் குளோரைட்டின் போத்தலில் CrCl₃·6H₂O என்று எழுதியிருக்கும். அதை வைத்துப் பார்த்தால் ஆறு நீரும் குரோமியத்தைச் சுற்றி நிற்கின்றன, மூன்று குளோரைட்டும் வெளியே நிற்கின்றன என்றுதான் தோன்றும். உண்மையில் அப்படி இருப்பது ஊதா நிறமான இன்னொரு திண்மம், [Cr(H₂O)₆]Cl₃. நீலப்பச்சையாக ஒன்று உண்டு, அது [Cr(H₂O)₅Cl]Cl₂·H₂O. கரும்பச்சைதான் [Cr(H₂O)₄Cl₂]Cl·2H₂O, அதாவது உங்கள் படத்து அயனோடு ஒரு குளோரைட்டும், பளிங்கில் சும்மா இருக்கும் இரண்டு நீரும். மூன்றுக்கும் மூலர்த்திணிவு ஒன்றே, 266.5.

இதில் 2.665 கிராம் எடுத்தால் 0.0100 மூல். குளிர்ந்த நீரில் கரைத்து உடனேயே மிகையாக வெள்ளி நைத்திரேற்றுச் சேர்த்தால், வெளியே நிற்கும் குளோரைட்டு மட்டும் வெள்ளிக் குளோரைட்டாக வீழ்படியும். AgCl இன் மூலர்த்திணிவு 143.3. கரும்பச்சைக்கு 1.43 கிராம் கிடைக்கும், அதாவது 0.0100 மூல், ஒரு குளோரைட்டு. நீலப்பச்சைக்கு 2.87, ஊதாவுக்கு 4.30. 1.43 என்று வந்தால் வெளியே ஒரு Cl⁻, ஆகவே உள்ளே இருக்கும் அயனுக்கு ஏற்றம் +1. காணாமல் போன அந்த + தராசிலிருந்து திரும்பி வந்துவிட்டது. 1890களில் அல்பிரட் வேர்னர் கோபாற்று அமோனியாச் சேர்வைகளில் எந்தக் குளோரீன் உள்ளே, எது வெளியே என்று வாதாடியபோது கையில் வைத்திருந்த சான்றுகளில் இந்த வீழ்படிவுக் கணக்கும் ஒன்று. கரைசலின் மின் கடத்தலையும் அவர் அளந்தார். 1913 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மேலே 'உடனேயே' என்று எழுதியதைக் கவனித்தீர்களா? அதை நான் பட்டுத்தான் படித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பச்சைக் கரைசலை ஒரு முகவையில் கலக்கி வைத்தேன். பாடவேளை முடிந்துவிட்டதால் வீழ்படிவைத் திங்கட்கிழமை செய்யலாம் என்று மூடி வைத்துவிட்டுப் போனேன். திங்கள் காலை வந்து பார்த்தால் பச்சையில் நீலச் சாயல் ஏறியிருந்தது. வெள்ளி நைத்திரேற்றை ஊற்றி, வடித்து, உலர்த்தி நிறுத்தால் ஒரு குளோரைட்டுக்கு உரியதைவிட நன்றாகக் கூடுதல். மாணவர்கள் முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன். நடந்தது இதுதான்: கரைசலில் நீர் மெதுவாக உள்ளே புகுந்து குளோரைட்டை வெளியே தள்ளுகிறது. குரோமியம்(III) இணையிகளை மாற்றுவதில் மிக மந்தம், அதனால்தான் உடனே செய்தால் சரியான எண் கிடைக்கிறது. மந்தம் என்றாலும் இரண்டு மூன்று நாள் அதற்குப் போதும். நம் மலைநாட்டுக் குளிரில் இது கொஞ்சம் தாமதமாகும். கொழும்பு வெயிலில் இன்னும் வேகமாக நடக்கும், சூடாக்கினால் சொல்லவே வேண்டாம். வீழ்படிவை வடிக்காமல் நீண்ட நேரம் வைத்தாலும் இப்படிக் கூடும், உள்ளேயிருந்து வெளிவரும் குளோரைட்டை வெள்ளி அயன் பிடித்துக்கொண்டே இருக்கும். வினாத்தாளில் தரும் திணிவு எப்போதும் முழுசாக ஒத்துவரும். ஆய்வுகூடத்தில் கூடுதலாக வந்தால் உங்கள் சூத்திரத்தைச் சந்தேகிக்க முன்னர், கரைசல் எவ்வளவு நேரம் நின்றது என்று கேளுங்கள்.

இப்போது பெயர். எண் கையில் இருந்தால் பெயருக்கு அதிக வேலை இல்லை. இணையிகளை முதலில் சொல்ல வேண்டும், உலோகம் கடைசியில், அதன் ஒட்சியேற்ற எண் உரோம எண்ணில் அடைப்புக்குள். நீர் இணையியாக வந்தால் அக்வா, குளோரைட்டு வந்தால் குளோரோ. நான்கு அக்வா, டெட்ராஅக்வா. இரண்டு குளோரோ, டைகுளோரோ. ஆக டெட்ராஅக்வாடைகுளோரோகுரோமியம்(III) அயன். இடையில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

எதை முதலில் சொல்வது என்பதில்தான் வழுக்குவார்கள். எண்ணைக் குறிக்கும் டை, ட்ரை, டெட்ரா வரிசையைத் தீர்மானிப்பதில்லை, இணையியின் பெயர்தான் தீர்மானிக்கும். ஆங்கில எழுத்து வரிசையில் அக்வாவின் a முதலில், குளோரோவின் c பிறகு. டை என்பதன் d, டெட்ராவின் t க்கு முந்தியது என்று பார்த்து டைகுளோரோவை முன்னால் போட்டால் பிழை. தமிழ் மொழிமூல மாணவர்களுக்கென்றே ஒரு குழியும் இருக்கிறது. பெயரைத் தமிழ் எழுத்தில் மனதில் வைத்து வரிசைப்படுத்தினால் உங்கள் அயனில் பிழைக்காது, அ வுக்குப் பிறகு கு தான். ஆனால் NH₃ உம் H₂O உம் சேர்ந்து வரட்டும். அம்மீன், அக்வா: தமிழ் அகரவரிசையில் 'அக்' முந்தும், 'அம்' பிந்தும். ஆங்கிலத்தில் m முந்தும், q பிந்தும். அதனால் [Co(NH₃)₅(H₂O)]³⁺ ஐ பென்டாஅம்மீன்அக்வாகோபாற்று(III) அயன் என்றுதான் எழுத வேண்டும், அக்வாவை முன்னால் இழுக்கக்கூடாது. அம்மீனில் 'ம்' ஐ விட்டுவிட்டு அமீன் என்று எழுதுவதும் பிழை, அது காபன் சேர்வை.

உங்கள் அயன் நேர் ஏற்றம் கொண்டது, அதனால் குரோமியம் என்ற பெயர் அப்படியே நிற்கிறது. முழு அயனும் மறை ஏற்றம் என்றால் உலோகத்தின் பெயர் 'ஏற்று' என்று முடியும். முன்னே சொன்ன சிவப்புப் போத்தலில் உள்ளது ஹெக்சாசயனோபெரேற்று(III), மஞ்சளில் உள்ளது ஹெக்சாசயனோபெரேற்று(II). முடிவைத் தீர்மானிப்பது முழு அயனின் குறி, உலோகத்தின் குறி இல்லை. இரண்டிலும் இரும்பு நேர் எண்ணில்தான் இருக்கிறது, பெயர் மட்டும் ஏற்று.

குளோரோவா, குளோரைடோவா என்ற கேள்வி அடுத்து வரும். 2005 இல் வந்த IUPAC பரிந்துரைப்படி மறை ஏற்ற இணையிகள் குளோரைடோ, சயனைடோ, ஹைட்ரொக்சைடோ என்று வருகின்றன. அக்வாவும் அம்மீனும் மாறவில்லை. பழைய புத்தகத்தில் குளோரோ, புதியதில் குளோரைடோ என்று இரண்டையும் பார்ப்பீர்கள். உங்கள் ஆசிரியர் எந்த முறையில் போகிறாரோ அதில் போங்கள். ஒரே பெயருக்குள் குளோரோவையும் சயனைடோவையும் கலக்காமல் இருந்தால் சரி.

படம் இன்னும் ஒன்று சொல்கிறது, அதைச் சூத்திரம் சொல்லாது. மேலே ஒரு Cl, கீழே ஒரு Cl என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு Cl இலிருந்து நடுவில் உள்ள Cr ஊடாக நேர்கோடு இழுத்தால் அடுத்த Cl க்குப் போய்ச் சேரும். அப்படியானால் திரான்சு. இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் சிசு. எண்முகியில் நான்கு ஒரு வகை, இரண்டு இன்னொரு வகை என்றால் இந்த இரண்டு வடிவம்தான் உண்டு, மூன்றாவது கிடையாது. தாளில் வேறு மாதிரித் தெரிந்தால் அது திருப்பி வரைந்த படம். கடையில் வரும் கரும்பச்சைத் திண்மத்தில் இருப்பதும் திரான்சுதான், ஆகவே உங்கள் டியூட்டில் படம் வரைந்தவர் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். வடிவத்தையும் கேட்டிருந்தால் பெயருக்கு முன்னால் திரான்சு என்று சேர்க்க வேண்டும்.

கடைசியாக, இந்தக் கழற்றிப் பார்க்கும் முறை எங்கே கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். H₂O, NH₃, Cl⁻, CN⁻, OH⁻ ஆகியவற்றில் சந்தேகம் இல்லை, கழற்றினால் என்ன வரும் என்பது எல்லாரும் ஒத்துக்கொண்டது. NO அப்படியில்லை. நைத்திரேற்றுக்குக் கபில வளையச் சோதனை செய்திருப்பீர்கள். அந்தக் கபில நிறத்துக்குக் காரணம் [Fe(H₂O)₅(NO)]²⁺. NO ஐ NO⁺ ஆகக் கழற்றினால் இரும்பு +1, பழைய பாடப்புத்தகங்கள் அப்படித்தான் எழுதின. நடுநிலை NO ஆகக் கழற்றினால் +2. பின்னர் நிறமாலை அளவீடுகளை வைத்துப் பார்த்தவர்கள் NO⁻ உம் இரும்பு +3 உம் தான் பொருந்தும் என்றார்கள். படம் ஒன்று, ஏற்றம் ஒன்று, விடை மூன்று. இலத்திரன் இரும்புக்கும் NO வுக்கும் இடையில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைக் கோட்டுப்படம் காட்டாது. எனவே NO உள்ள அயன் ஒன்று வந்தால், NO ஐ எந்த ஏற்றத்தோடு எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேள்வியில் தேடுங்கள், இல்லையென்றால் நீங்கள் எடுத்த ஏற்றத்தை விடையில் எழுதிவிட்டுக் கணக்கைப் போடுங்கள். உங்கள் குரோமியம் அயனில் அந்தத் தொல்லை இல்லை, +3 என்றே எழுதலாம்.